வருஷம் கழியட்டும் என்றார் இருளாண்டி

மலாக்காவின் மெர்லிமாவ் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்களில் ஹாரன் அடிக்கத் தெரியாதவர் இருளாண்டி ஒருவர்தான். கம்போங் கிராமச் சாலையில் முன்னால் மாடு படுத்திருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, அது எழுந்து போகிறவரை உட்கார்ந்திருப்பார். பின்னால் வருகிறவன் கத்தினால், "போவும்லா, மாடு என்ன வீடா கட்டப் போவுது அங்க?" என்பார். அவரைப் பொறுமைசாலி என்றவர்களும் உண்டு, மந்தம் என்றவர்களும் உண்டு. இரண்டும் ஒரே மாட்டுக்கு இரண்டு கயிறுதான்.

பிறந்தது நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். அப்பா குலை வெட்டினார். லயங்களை இடித்தபோது மற்றவர்கள் மாநாடு போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள். இருளாண்டி சட்டிபானையைக் கட்டிக்கொண்டு மெர்லிமாவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணமும் அப்படித்தான், பார்த்தார்கள், செய்து வைத்தார்கள். ஆனால் வந்து சேர்ந்தவள் சுசீலா. அவளுக்கு மாடு நகரும்வரை காத்திருக்கிற பழக்கம் கிடையாது, இறங்கிப் போய் வாலை முறுக்குகிறவள். தாடிக்கா என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டு விஷயம், கோயில் விஷயம், மகள் விஷயம் எல்லாம் அவள் தலையில்தான். இருளாண்டி லாரி ஓட்டினார், சாப்பிட்டார், சொன்னதைச் செய்தார். குடும்பம் நன்றாகவே நடந்தது. ஒரே பெண், கலைமகள்.

கலைமகளின் காலைக் கண்டுபிடித்ததும் சுசீலாதான். நான்காம் ஆண்டுக்குப் புதிதாக வாங்கிய நீலப் பினஃபோர் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்கியது. தைத்தவனைத் திட்டிக்கொண்டே பிரித்துத் தைத்தாள். மறுபடியும் தொங்கியது. துணியைத் தரையில் விரித்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பார்த்தாள், துணி நேராகத்தான் இருந்தது. பிறகு மகளை நிற்கவைத்து, பழைய நாளிதழை மடித்து மடித்து இடது பாதத்துக்குக் கீழே சொருகினாள். ஓரம் சமமாக வந்தது. சுசீலா மடிப்பை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். அது கட்டைவிரல் கனம் இருந்தது.

"நீ நொண்டுறதே இல்லயேடி. எப்படிடி மறச்ச?"

"நான் மறைக்கலம்மா. குதிகால தூக்கி நடந்தா சரியா இருக்கும்."

முதலில் கிளினிக், அங்கிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவு. அங்கே டாக்டர் ஜனகா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலேயே மலாயா வந்தவர்கள். தோட்டத்துத் தமிழ் அவர் நோயாளிகளிடம் கற்றுக்கொண்டது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார். பிறவியிலேயே இடது தொடை எலும்பு மெதுவாக வளர்கிறது, காரணம் சொல்வதற்கில்லை, சில பிள்ளைகளுக்கு அப்படி என்றார். அப்போதைக்கு இடது கால் சப்பாத்துக்கு அடியில் கனம் வைத்துக்கொள்ளச் சொல்லி, சில மாதத்துக்கு ஒரு முறை வரவழைத்தார். ஒவ்வொரு முறையும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நின்றபடி ஒரு நீளமான எக்ஸ்ரே. குட்டையான காலின் கீழ் மரக்கட்டை வைத்து, இடுப்பு எந்தக் கட்டையில் சமமாகிறது என்று கையால் தொட்டுப் பார்ப்பார்.

கலைமகளுக்குப் பதினொன்று நெருங்கும்போதுதான் அறுவைப் பேச்சு வந்தது. அன்று மூவரும் போயிருந்தார்கள்.

"இப்ப வித்தியாசம் ரெண்டரை சென்டிமீட்டர்," என்றார் டாக்டர். "விட்டா, வளர்ந்து முடியிறப்போ மூணத் தாண்டும். முதுகு, இடுப்பு எல்லாம் அந்தப் பாரத்தச் சுமக்கணும். அதனால ஒரு சின்ன சர்ஜரி செய்யலாம். வலது கால்ல."

இருளாண்டி அதுவரை சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலது காலு நல்ல காலாச்சே டாக்டர்," என்றார்.

எல்லாரும் கேட்கிற கேள்விதான் போலிருக்கிறது, டாக்டர் சிரிக்கவில்லை. படத்தில் முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பின் அடியில் ஓடிய மெல்லிய கறுப்புக் கோட்டைப் பேனாவால் தொட்டார். "எலும்பு நடுவுல வளராது. இந்தக் கோட்டுலதான் வளரும். இதுக்குக் குறுக்கால ஒரு சின்ன பிளேட். மேல ஒரு ஸ்குரூ, கீழ ஒரு ஸ்குரூ. உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் போட்டா முட்டி கோணிக்கும், அதனால ரெண்டு பக்கமும். அது வளர்ச்சியப் பிடிச்சு வைக்கும். அதுக்குள்ள இடது கால் அது பாட்டுக்கு வளர்ந்து எட்டிப் பிடிச்சிடும். சமம் வந்ததும் பிளேட்ட எடுத்துடுவேன். மிச்சம் இருக்கிற வளர்ச்சிய ரெண்டு காலும் சேர்ந்து வளரும்."

இருளாண்டிக்கு அந்தக் கறுப்புக் கோடு புரிந்தது. செம்பனையும் உச்சியில் குருத்து இருக்கும் இடத்தில்தான் வளரும். குருத்தில் கை வைத்தால் மரம் செத்துப்போகும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைத்தான் சொன்னார்.

"குருத்த வெட்ட மாட்டேன் அண்ணே. சும்மா பிடிச்சு வைப்பேன், அவ்வளவுதான். எடுத்தா மறுபடி வளரும்."

"நல்ல கால எதுக்குங்க தொடணும்," என்று இருளாண்டி மனைவி பக்கம் திரும்பி முனகினார்.

"நல்ல காலு, கெட்ட காலுன்னு என்னங்க இருக்கு. ரெண்டும் அவ காலுதான்," என்றாள் சுசீலா. பிறகு டாக்டரிடம், "எப்ப செய்யலாம் டாக்டர்?" என்றாள்.

டாக்டர் கலைமகளின் இடது கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்தார். விரல் எலும்புகளில் இன்னும் திறந்திருந்த சிறு இடைவெளிகளைக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் எலும்பின் வயதைச் சொல்வார்களாம். "இவ எலும்புக்கு இப்ப பதினொண்ணு. சரியான நேரம். இது வளர்ற பிள்ளைக்கு மட்டும்தான் செய்ய முடியும். வளர்ச்சி நின்னுட்டா பிளேட்டுக்கு வேலையே இல்ல. பொம்பளப் பிள்ளைங்க வயசுக்கு வந்து சுமாரா ரெண்டு வருஷத்துல வளர்ந்து முடிஞ்சிடுவாங்க. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல செஞ்சிடலாம். தள்ளிப் போடாதீங்க."

"தள்ள மாட்டோம்," என்றாள் சுசீலா. அந்த வாக்கைக் கொடுத்தவள் அவள்.

தேதி வருவதற்குள் அவள் இறந்துபோனாள். தாடிக்காவில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. இருளாண்டி மில்லில் குலை இறக்கிக்கொண்டிருந்தார். செய்தி சொன்னவனிடம், "சரி, இறக்கிட்டு வரேன்," என்று சொல்லி, இறக்கி முடித்துவிட்டுத்தான் வந்தார்.

அவர் அழவில்லை. அழாததைப் பற்றி ஊரில் நான்கு விதமாகப் பேசினார்கள். நான் சொல்கிறேன், அவருக்கு அழத் தெரியவில்லை என்பதல்ல, உள்ளே எதுவும் நகரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் வேலைக்குப் போனார். வந்தார். மேசையில் இருந்ததைச் சாப்பிட்டார். உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. "நாள் செய்வது நல்லோர் செய்யார்," என்று பெரியவர்கள் தோளைத் தட்டினார்கள். நாள்தான் பார்த்துக்கொள்ளும் என்று அவரும் விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் மிஸி போனில் கூப்பிட்டார். லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். மலாய்க்கார மிஸி அறுவைக்குத் தேதி சொன்னார்.

"துங்கு டுலு, மிஸி," என்றார் இருளாண்டி. கொஞ்சம் பொறுங்கள். மனைவி தவறிவிட்டாள், ஒரு வருஷம் கழியட்டும், எங்கள் வழக்கம் அப்படி.

மிஸி இரங்கல் சொன்னார். ஆனால் டாக்டர் தள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே, மறுபடி கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். கூப்பிட்டார்கள்தான். இரண்டு முறை. இருளாண்டி எடுக்கவில்லை.

வழக்கம் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது, பண்டிகை கிடையாது, கோயிலுக்குப் போவது கிடையாது. பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்குமுன் தோட்டத்து முனியாண்டிக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. கோயில் படி மிதிக்க முடியாதபோது எப்படி உடைப்பது? அதனால் வருஷ திவசம் முடியட்டும் என்றார். காய்ச்சல் வந்தால் ஊசி போடக் கூடாது என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தால் எந்த மனுஷன்தான் அதை விடுவான்? யாரும் கூப்பிட்ட கல்யாணத்துக்குப் போக வேண்டாம், யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எதையும் முடிவு செய்ய வேண்டாம். அந்த ஒரு வருஷத்துக்குள்ளே போய் அவர் படுத்துக்கொண்டார், சாலையில் அந்த மாடு படுப்பதைப் போல.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்தார். மெர்லிமாவ் கடை வரிசையில் சப்பாத்துத் தைக்கிற சீனக் கிழவர் ஒருவர் இருக்கிறார், தோட்டத்துக்காரர்களோடு பழகித் தமிழ் பேசுவார், எல்லாரும் முதலாளி என்ற அர்த்தத்தில் அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவார்கள். மகளின் இடது சப்பாத்தை அவரிடம் கொண்டுபோவார். கிழவர் அடித்தோலைப் பிரித்து ரப்பர் அட்டை ஒன்றைச் சேர்த்து ஒட்டித் தருவார். சில மாதம் கழித்து இன்னும் கொஞ்சம்.

"காலு வளருது, சப்பாத்தும் வளருது," என்பார் கிழவர். "எத்தன நாளைக்கு?"

"ஆபரேசன் முடியிற வரைக்கும் தவுக்கே."

வீட்டில் கலைமகள் பொறுப்பான பிள்ளையாகிவிட்டாள். துணியைத் தானே துவைத்தாள், தானே காயப்போட்டாள், அப்பா கை படக்கூடாது என்றாள். குளியலறைக் குப்பையைத் தானே கட்டி வெளியே வைத்தாள். இருளாண்டி இதைக் காப்பிக் கடையில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார், அந்த வருஷத்தில் அவர் மகிழ்ந்தது அது ஒன்றுக்குத்தான் என்றுகூடச் சொல்லலாம். "ஆத்தா போனதும் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சுலா." உயரமும் வந்திருந்தது. பினஃபோர் முட்டிக்கு மேலே ஏறியது. புதியது வாங்கினார். ஒரு பக்கம் தொங்கியது. பிரித்துத் தைக்க ஆள் இல்லை, அப்படியே போட்டுக்கொண்டு போனாள்.

வருஷ திவசம் வந்தது. புக்கிட் காத்திலிலிருந்து சுசீலாவின் தங்கை பவானேஸ்வரி வந்து சமைத்தாள், படைத்தார்கள், காக்கைக்கு வைத்தார்கள். அந்த வாரமே இருளாண்டி தோட்டத்துக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். உடைத்த கையோடு ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்தார். சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டார்.

டாக்டர் ஜனகா முதலில் சுசீலாவுக்காக வருந்தினார். பிறகு கலைமகளைப் பார்த்துக் கொஞ்சம் அசந்து போனார். "நல்லா வளர்ந்திருக்கியே," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இருளாண்டி தலையாட்டினார். கட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் மூன்றைத் தொட்டிருந்தது. நீள எக்ஸ்ரே, கை எக்ஸ்ரே எல்லாம் எடுத்து வந்தார்கள்.

"வயசுக்கு வந்துட்டாளா அண்ணே?" என்று கேட்டார் டாக்டர்.

"இன்னும் இல்ல டாக்டர்," என்றார் இருளாண்டி, தயங்காமல். வந்திருந்தால் வீட்டில் தெரியாதா? சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், தண்ணி ஊற்றியிருப்பார்கள், தாய்மாமன் முறை செய்திருப்பார்.

டாக்டர் கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். போன முறை பார்த்த அதே கைதான். ஆனால் விரல் நுனிகளில் அந்தச் சிறு இடைவெளிகள் ஏறக்குறைய மூடியிருந்தன. இருளாண்டி படிக்காதவர் அல்ல, ஆறாம் ஆண்டுவரை படித்தவர், இதைப் பார்க்க அதுவும் தேவையில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், கலைமகளைப் பார்த்தார். கலைமகள் தன் சப்பாத்தின் கனமான அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் வெளிய உட்காருங்க."

வெளியே கால்கட்டுப் போட்ட ஒரு மலாய்ப் பையன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். இருளாண்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டபோது கலைமகளின் கண் சிவந்திருந்தது. டாக்டர் நேராகச் சொன்னார்.

"ஏழெட்டு மாசம் ஆச்சாம். அவ யார்கிட்டயும் சொல்லல."

இருளாண்டி மகளைப் பார்த்தார். துவைத்த துணிகள், கட்டி வைத்த குப்பை எல்லாம் வரிசையாக அவர் முன்னால் வந்து நின்றன. காப்பிக் கடையில் தான் பேசிய பேச்சும் வந்தது.

"ஏம்மா சொல்லல?"

"அம்மா செத்த வருஷம்பா. ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "செஞ்சாலும் சேல கட்டி எல்லார் முன்னாலயும் நடக்கச் சொல்வாங்க. சேலைக்குப் போடுற செருப்புக்கு அட்ட வைக்க முடியாது."

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பேசினார். முழங்கால் கோடு இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் நாள் குறைவு. போன வருஷம் செய்திருந்தால் மூன்று சென்டிமீட்டரையும் பிடித்திருக்கலாம். இப்போது செய்தால் பாதி கிடைக்கலாம். செய்யாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அடுத்த வாரமே இடம் போட்டுத் தருகிறேன் என்றார்.

"அடுத்த வாரம்," என்றார் இருளாண்டி. இந்த முறை முனியாண்டியைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பவானேஸ்வரிக்குப் போன் செய்து சொன்னார். அவள் போனிலேயே அழுதாள். பிறகு கோபப்பட்டாள். "வருஷம் கழியட்டும்னா, சாமி கும்புடுறத சொல்வாங்க மாமா, திருவிழாவ சொல்வாங்க. ஆஸ்பத்திரியயா சொன்னாங்க? அக்கா இருந்திருந்தா உங்கள என்ன பண்ணியிருப்பா தெரியுமா?"

"தெரியும்," என்றார் இருளாண்டி.

திட்டு உள்ளே போகவில்லை. மரத்த பல்லை டாக்டர் தட்டுவது போலத்தான் இருந்தது, சத்தம் கேட்டது, வலி இல்லை. ஆபரேசன் முடிந்ததும் தண்ணி ஊற்றலாமா என்று பவானேஸ்வரி கேட்டபோது, "வேணாம். அவ நடக்க மாட்டேன்னு சொல்றா," என்றார். சுசீலா போன பிறகு மகள் பேச்சைக் கேட்டு அவர் எடுத்த முதல் முடிவு அதுதான்.

அறுவை சீக்கிரமே முடிந்தது. வலது முட்டிக்குச் சற்று மேலே, உள்பக்கம் ஒரு சிறு கீறல், வெளிப்பக்கம் ஒரு சிறு கீறல். மறுநாளே கைத்தடிகளோடு அந்தக் காலை ஊன்றி நடக்கச் சொன்னார்கள். முட்டி இறுகிக்கொண்டது, மடக்கப் பயிற்சி கொடுத்தார்கள், கலைமகள் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். இருளாண்டி வாரம் முழுக்க லாரி எடுக்கவில்லை. சமைத்தார், உப்பு அதிகமாகிவிட்டது, இருவரும் சாப்பிட்டார்கள். கலைமகளுக்குத் தேவையானதையெல்லாம் பசார் மினி கடையில் அவரே போய் வாங்கினார். கல்லாப் பெண் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தர, "சுத்த வேணாம்," என்று சொல்லிக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். சாலையில் இரண்டு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் வரச் சொன்ன ஒரு தவணையையும் விடவில்லை. மில்லில் லாரிகள் வரிசையில் நின்றாலும் தவணை நாளில் மலாக்காவில் இருப்பார். ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் பிளேட்டின் இரண்டு ஸ்குரூக்களும் முன்னைவிடச் சற்று விரிந்திருக்கும், எலும்பு அவற்றைத் தள்ளிப் பார்த்திருக்கிறது என்று டாக்டர் விளக்குவார். பிளேட் விடவில்லை. இடது கால் வந்துகொண்டிருந்தது. கட்டைகளில் ஒன்று குறைந்தது, பிறகு இன்னொன்று. கிழவர் முதல் முறையாகச் சப்பாத்திலிருந்து அட்டையை உரித்தார். இருளாண்டி மனதுக்குள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் இடது கால் எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் தேடிப் பார்ப்பார். திறந்திருக்கிறதா என்று.

கலைமகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்து, அந்த வருஷமும் முடியப் போகிற சமயம். டாக்டர் ஜனகா படத்தை மாட்டினார். இருளாண்டி தேடினார். இரண்டு முட்டியிலும் கோடு இல்லை. எலும்பு எலும்பாக இருந்தது.

"மூடிருச்சு," என்றார் டாக்டர். "ரெண்டு பக்கமும். இனி பிளேட்டுக்கு வேலை இல்ல. அடுத்த லீவுல எடுத்துடலாம். மிச்சம் ஒன்றரை சென்டிமீட்டர். அது பெரிய விஷயம் இல்லண்ணே. அந்த அளவு வித்தியாசத்தோட தெரியாமலே நடமாடுறவங்க நிறைய பேரு. சப்பாத்துக்குள்ள ஒரு மெல்லிய அட்ட போதும்."

கலைமகள் நிம்மதியாகத் தெரிந்தாள். அவளுக்கு அந்தக் கனமான அடித்தோல் போய்விடும் என்பதுதான் பெரிய சேதி. எந்தக் கடையில் என்ன சப்பாத்து வாங்கலாம் என்று ஏற்கெனவே போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருளாண்டி எழுந்திருக்கவில்லை. "முத தேதியிலயே வந்திருந்தா டாக்டர்?"

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "சமமா வந்திருக்கும். சமமானதும் பிளேட்ட எடுத்திருப்பேன், அப்புறமும் கொஞ்சம் ரெண்டும் சேர்ந்து வளர்ந்திருக்கும்."

"சரி டாக்டர்," என்றார். நன்றி சொன்னார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

திரும்பும் வழியில் மெர்லிமாவில் வண்டியை நிறுத்தி, கிழவரிடம் கலைமகளுக்கு வழியில் வாங்கிய புதிய வெள்ளைச் சப்பாத்தைக் கொடுத்தார். கிழவர் டாக்டர் எழுதித் தந்த அளவுச் சீட்டைப் பார்த்தார், ஒரே ஒரு மெல்லிய அட்டையை வெட்டி, உள்ளே குதிகாலில் ஒட்டினார். வெளியே எதுவும் தெரியவில்லை. கலைமகள் போட்டுக்கொண்டு கடை வாசல் ஐந்தடிப் பாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். கண்ணாடிக் கடை முன்னால் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டாள். பள்ளிச் சீருடையின் ஓரம் நேராகத் தொங்கியது.

"நல்லா கொறஞ்சிருச்சு," என்றார் கிழவர், பசை படிந்த விரலைத் துடைத்தபடி. "அடுத்த தடவ எப்ப கொண்டாருவே? இதையும் உரிச்சிடலாம்."

"அடுத்த தடவ இல்ல தவுக்கே," என்றார் இருளாண்டி. "இதோட சரி. எப்பவும் இதுதான். இனிமே வளராது."

சொன்னது அவர் வாய்தான். ஆனால் அந்தச் சொல் வெளியே வந்ததும் காதில் விழுந்த விதம் வேறாக இருந்தது. இனிமேல் வளராது. காத்திருந்தால் நகர்கிற மாடு இல்லை இது. சுசீலா தள்ள மாட்டோம் என்று சொன்ன குரல் அப்படியே கேட்டது, கஞ்சிக் கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தவளும் வந்தாள், குலையை இறக்கி முடித்துவிட்டு வந்த தன்னையும் பார்த்தார். கிழவரின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடவும் தோன்றவில்லை. சாவு வீட்டில் அழாத மனுஷர், மெர்லிமாவ் கடைத்தெருவில், நடுப்பகலில், மோட்டார்கள் போய் வருகிற இடத்தில் உட்கார்ந்து அழுதார்.

கலைமகள் ஓடி வந்தாள். நொண்டாமல் வந்தாள். அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து வலது முட்டியில் இருந்த இரண்டு தழும்புகளையும் காட்டினாள்.

"அப்பா, ஏம்பா? எனக்கு வலிக்கவே இல்லப்பா."

"எனக்கு வலிக்குதும்மா," என்றார் இருளாண்டி.